விக்ஸ் 21-னு பார்த்து ஸ்ட்ரைக் எடுத்தா எங்கே தப்பு? ஆப்ஷன் விற்பவர்களுக்கு ஸ்க்யூவும் டெர்ம் ஸ்ட்ரக்சரும்

ஆப்ஷன் வாங்குவது, விற்பது, ஐவி என்றால் என்ன, இதெல்லாம் நம்ம முந்தைய வீடியோக்களில் பார்த்துட்டோம். இன்னைக்கு அதுக்கு அடுத்த படி. ஆப்ஷன் விற்கும்போது எந்த எக்ஸ்பைரி, எந்த ஸ்ட்ரைக் என்பதை எப்படி முடிவு பண்றது? பொதுவா நம்ம ஆட்கள் செய்றது இதுதான்: இந்தியா விக்ஸ் எண்ணைப் பார்ப்பாங்க, அதை வைத்து ஒரு ரேஞ்ச் போடுவாங்க, ரேஞ்சுக்கு வெளியே ஒரு புட், ஒரு கால் விற்பாங்க. பல வாரம் இது வேலை செய்யும். வேலை செய்யாத ஒரு நாளை எடுத்து, கணக்கு எங்கே தப்பாகுது என்று முழுசா பார்க்கலாம்.

அந்த நாள் 2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த செவ்வாய்க்கிழமை.

முதல்ல நடந்தது என்ன

ஜூன் 1 சனிக்கிழமை மாலை எக்ஸிட் போல் வந்தது. ஆளும் கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்று ஏறக்குறைய எல்லா சேனலும் சொன்னது. திங்கள்கிழமை ஜூன் 3 அன்று நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90-ல் முடிந்தது. அன்று இந்தியா விக்ஸ் ஏறக்குறைய 21.

மறுநாள் ஓட்டு எண்ண எண்ண, பாஜகவுக்குத் தனியாகப் பெரும்பான்மை வராது என்று தெரிந்தது. நிஃப்டி நாளின் இடையில் 21,281.45 வரை போய், 21,884.50-ல் முடிந்தது. முடிவு விலைப்படி 5.93 சதவீத இறக்கம். அடிமட்டத்தைக் கணக்கெடுத்தால் 8.5 சதவீதம். அதுக்கு அடுத்த நாளே 22,620-க்கு மேல் திரும்பி வந்தது. வியாழக்கிழமை ஜூன் 6, அந்த வார எக்ஸ்பைரி. அன்று முடிந்தது 22,821.40-ல்.

இந்த நாலு நாள் எண்களைக் கொஞ்சம் மனசில் வச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் இதை வைத்துத்தான் பேசப்போறோம்.

21-ஐ நேராகப் படித்தவரின் கணக்கு

ஜூன் 3 மாலை, ஒருவர் இப்படிக் கணக்கு போடுகிறார் என்று வைப்போம். விக்ஸ் 21. இது ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்கு 252 டிரேடிங் நாள். ஒரு நாள் அசைவு வேணும்னா 252-ன் வர்க்கமூலத்தால் வகுக்கணும். 21-ஐ 15.87-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1.3 சதவீதம். எக்ஸ்பைரிக்கு 4, 5, 6 என்று மூன்று நாள் இருக்கு. மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2.3 சதவீதம், அதாவது சுமார் 530 புள்ளி. "சரி, 22,700 புட் விற்கிறேன், 23,800 கால் விற்கிறேன், ஒரு சிக்மா தள்ளித்தானே இருக்கு" என்று முடிவு பண்றார்.

கணக்கில் ஒரு பெருக்கல் கூட தப்பில்லை. ஆனால் விக்ஸ் என்ன எண் என்பதை அவர் மறந்துட்டார். இந்தியா விக்ஸ் அடுத்த 30 நாளைக்கான எதிர்பார்ப்பு. அந்த 30 நாளில் ஒரே ஒரு நாள் மட்டும் பயங்கரமான நாள், மீதி எல்லாம் சாதாரண நாள். சராசரி எடுத்தால் அந்த ஒரு நாள் கரைந்து போயிடும்.

குற்றாலத்து ரூம் வாடகை

அச்சன்புதூரிலிருந்து குற்றாலம் பக்கம்தான். அதனால் எனக்கு இதை விளக்க லாட்ஜ் வாடகைதான் முதல்ல ஞாபகம் வருது. சீசனில் ஒரு சாதாரண நாள் ரூம் வாடகை 1,000 ரூபாய் என்று வைங்க. சாரல் நல்லா விழுந்து கூட்டம் குவியும் ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் 4,000. இது நான் விளக்கத்துக்கு எடுத்த எண், விலைப்பட்டியல் இல்ல.

அந்தச் சனிக்கிழமையைச் சேர்த்து மூன்று நாள் தங்கினால் மொத்தம் 6,000, சராசரி 2,000. அதே சனிக்கிழமையைச் சேர்த்து 17 நாள் தங்கினால் மொத்தம் 20,000, சராசரி 1,176 தான். "மூன்று நாள் ரூம் அநியாய விலை, 17 நாள் ரூம் மலிவு" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். இரண்டிலும் அந்தச் சனிக்கிழமைக்கு நீங்க கொடுப்பது அதே 4,000 தான்.

டெர்ம் ஸ்ட்ரக்சர் என்பது இதுதான். வெவ்வேறு எக்ஸ்பைரிகளின் ஏடிஎம் ஐவியை வரிசையாக எழுதிப் பார்ப்பது. ஒவ்வொரு ஐவியும் அந்த எக்ஸ்பைரி வரைக்குமான எல்லா நாளின் சராசரி. ஒரே ஒரு வித்தியாசம்: வாடகையை நேராகக் கூட்டலாம், ஐவியை அப்படிக் கூட்டக் கூடாது. முதலில் வர்க்கப்படுத்தி, நாட்களால் பெருக்கி, அதைத்தான் கூட்டணும், கழிக்கணும்.

ஒளிந்திருக்கும் ஒரு நாளை வெளியே எடுப்பது

இப்போ விக்ஸ் 21-க்குள் ஒளிந்திருக்கும் ஜூன் 4-ஐ வெளியே எடுக்கலாம். 30 நாளில் தோராயமாக 21 டிரேடிங் நாள். தேர்தல் பரபரப்பு சூடுபிடிக்கும் முன் ஏப்ரலில் விக்ஸ் 10 முதல் 13 வரை இருந்தது. அதனால் சாதாரண நாளுக்கு 13 என்று எடுப்போம்.

```
மொத்தம்        = 20.94^2 x 21 / 252 = 36.5
20 சாதாரண நாள் = 13^2 x 20 / 252    = 13.4
ஜூன் 4-க்கு மீதி = 36.5 - 13.4        = 23.1
வர்க்கமூலம்      = 4.8
```

அதாவது, மார்க்கெட் ஜூன் 4 என்ற ஒரு நாளுக்கு மட்டும் வைத்திருந்த எதிர்பார்ப்பு 4.8 சதவீத அசைவு. சாதாரண நாளுக்கு 12 என்று எடுத்தால் 5.0 வரும், 14 என்று எடுத்தால் 4.6 வரும். எப்படிப் போட்டாலும் ஐந்தைச் சுற்றித்தான். விக்ஸில் தூரத்து ஸ்ட்ரைக்குகளின் ஐவியும் கலந்திருப்பதால் ஏடிஎம் கணக்கு இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் 1.3-க்குப் பக்கத்தில் எங்கேயும் வராது.

நடந்தது 5.93 சதவீதம். 1.3 சதவீதக் கணக்குப்படி இது நாலரை சிக்மா, "யாரும் எதிர்பார்க்காத அதிசயம்". 4.8 சதவீதக் கணக்குப்படி 1.2 சிக்மா, சாதாரணமாக நடக்கக்கூடிய ஒன்று. எல்லாரும் ஏற்றம்தான் வரும் என்று பேசினாலும், ஆப்ஷன் விலைக்குள் இரண்டு பக்கமும் ஐந்து சதவீதம் என்று எழுதி வைத்திருந்தது. நம்ம ஆள் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் வர வேண்டிய ஐவி கிடைக்கும். இவை அன்றைய திரையில் இருந்த விலைகள் இல்லை, நம்ம கணக்கில் வருபவை:

ஜூன் 6 எக்ஸ்பைரி, 3 டிரேடிங் நாள்: சுமார் 45 சதவீதம்.
ஜூன் 27 எக்ஸ்பைரி, 17 டிரேடிங் நாள்: சுமார் 22 சதவீதம்.
ஜூலை 25 எக்ஸ்பைரி, 36 டிரேடிங் நாள்: சுமார் 18 சதவீதம்.

45, 22, 18. பார்த்தவுடன் "வார ஆப்ஷனில் ஐவி 45, இதைத்தான் விற்கணும்" என்று தோணும். ஆனால் மூன்றையும் ஒரே பொருளிலிருந்துதான் செய்தோம்: ஒரு 4.8 சதவீத நாள், மீதி எல்லாம் 13-ல் ஓடும் நாள். 45-ல் கூடுதல் லாபம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அது மூன்று நாள் ரூமின் சராசரி வாடகை.

இரண்டு எக்ஸ்பைரிக்கு இடையில் இருக்கும் நாட்களுக்கு மார்க்கெட் என்ன விலை வைத்திருக்கு என்று பார்க்க இந்த ஃபார்முலா போதும். எக்செலில் B பத்தியில் டிரேடிங் நாள், C பத்தியில் ஐவி போடுங்க. இரண்டாவது வரிசையில் பக்கத்து எக்ஸ்பைரி, மூன்றாவதில் தூரத்து எக்ஸ்பைரி.

```
=SQRT((C3^2*B3-C2^2*B2)/(B3-B2))
```

நம்ம எண்களைப் போட்டுப் பாருங்க. 3 நாள், 45.3; 17 நாள், 22.4. விடை 13. அதாவது ஜூன் 6-க்குப் பிறகு மார்க்கெட் அமைதியை எதிர்பார்க்குது. திரையில் 22 என்று இருக்கும் மாத ஆப்ஷனுக்குள் தேர்தல் முடிந்த பிறகான நாட்களுக்கு 13 தான் இருக்கு.

எக்ஸ்பைரி எப்படித் தேர்வு செய்வது

வரிசையை எழுதிப் பார்த்ததும் மூன்று வடிவங்களில் ஒன்று தெரியும்.

ஒன்று, பக்கத்து எக்ஸ்பைரி குறைவு, தூரத்து எக்ஸ்பைரி அதிகம். மார்க்கெட் அமைதியாக இருக்கும் காலத்தில் இதுதான் வழக்கம். இதில் வார ஆப்ஷன் விற்றால் டைம் டிகே வேகமாகக் கிடைக்கும், உண்மை. ஆனால் கிடைக்கும் ஐவி வரிசையிலேயே குறைவானது. ஒரு நாள் சட்டென்று ஒரு சதவீதம் நகர்ந்தாலே வாரப் பிரீமியம் முழுக்கப் போயிடும். அதே நகர்வை மாத ஆப்ஷன் கொஞ்சம் தாங்கும், பிரீமியம் பெரிசா இருப்பதால். ஆனால் மாத ஆப்ஷனில் ஐவி ஏறினால் அடி அதிகம். எதைத் தாங்க முடியும் என்பதுதான் தேர்வு.

இரண்டு, ஒரே ஒரு எக்ஸ்பைரியில் மட்டும் திடீர் மேடு. ஜூன் 2024 மாதிரி. பட்ஜெட், ரிசர்வ் வங்கி முடிவு, தேர்தல் முடிவு, தனிப் பங்கு என்றால் காலாண்டு முடிவு. நிகழ்வின் தேதி எல்லாருக்கும் தெரியும். இங்கே உங்களுக்கு இரண்டே கேள்விதான். அந்த நிகழ்வை விற்க ஆசையா, இல்லையா? ஆசை இல்லைன்னா, நிகழ்வுக்கு முன்னாடியே முடியும் எக்ஸ்பைரியில் மட்டும் விற்கணும். மே மாத எக்ஸ்பைரி மே 30-ல், எக்ஸிட் போலுக்கும் முன்னாடியே முடிந்தது. அதில் ஜூன் 4 இல்லை. பலர் செய்த தவறு, "வாரம் வேண்டாம், ஆபத்து; மாசக் கடைசி விற்கிறேன்" என்று ஜூன் 27-க்குப் போனது. அந்த சனிக்கிழமை அந்த ரூமிலும் இருக்கு. தேதி தள்ளிப் போனால் நிகழ்வு காணாமல் போகாது.

நிகழ்வை விற்கத்தான் ஆசை என்றால், நீங்க சொல்ல வேண்டிய வாக்கியம் "ஐவி அதிகமா இருக்கு" என்பது இல்லை. "அந்த ஒரு நாள் 4.8 சதவீதத்தைவிடக் குறைவாக நகரும் என்று நான் நினைக்கிறேன், காரணம் இது" என்று சொல்ல முடியணும். சொல்ல முடியலைன்னா விற்க வேண்டாம்.

மூன்று, தெரிந்த தேதி எதுவும் இல்லாமலே பக்கத்து எக்ஸ்பைரி அதிகம், தூரம் போகப் போகக் குறைவு. இது பயம். 2020 பிப்ரவரித் தொடக்கத்தில் 20-க்குக் கீழே இருந்த இந்தியா விக்ஸ், மார்ச் 24-ல் 80-ஐத் தாண்டியது. வழியில் 30-ல் "இதுக்கு மேல ஏறாது" என்று விற்றவரும் அடி வாங்கினார், 50-ல் விற்றவரும் வாங்கினார். நிகழ்வு மேட்டுக்கு முடிவுத் தேதி உண்டு. பயத்துக்குக் கிடையாது. இந்த வடிவம் தெரிந்தால் அளவைக் குறைப்பதும், சும்மா இருப்பதும்தான் நல்ல முடிவு.

ஸ்க்யூ: ஒரே எக்ஸ்பைரிக்குள் ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் வித்தியாசம்

எக்ஸ்பைரி முடிவு பண்ணியாச்சு. இனி ஸ்ட்ரைக். நிஃப்டியில் இப்போதைய விலையிலிருந்து மூன்று சதவீதம் கீழே உள்ள புட்டின் ஐவியையும், மூன்று சதவீதம் மேலே உள்ள காலின் ஐவியையும் பாருங்க. பெரும்பாலான நாட்களில் புட்டின் ஐவிதான் அதிகம். இந்தச் சாய்வுதான் ஸ்க்யூ.

ஏன் சாய்வு? பங்குகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் பாதுகாப்புக்காகப் புட் வாங்குறாங்க. கையில் பங்கு வைத்துக்கொண்டு வருமானத்துக்காகக் கால் விற்கிறவங்களும் உண்டு. இது தேவையும் வரத்தும். அதைவிட முக்கியமான காரணம், இண்டெக்ஸ் ஏறும்போது மெதுவாக ஏறும், விழும்போது வேகமாக விழும். விழும்போது ஐவியும் சேர்ந்து ஏறும். அமெரிக்காவில் 1987 அக்டோபர் வீழ்ச்சிக்கு அப்புறம்தான் இண்டெக்ஸ் ஆப்ஷன்களில் இந்தச் சாய்வு நிலையாகவே தங்கியது.

அதனால் "புட்டில் பிரீமியம் கூட கிடைக்குது, அதையே விற்கலாம்" என்பது பாதி உண்மை. அந்தக் கூடுதல் காசு ஒரு உண்மையான ஆபத்துக்கான கூலி. திரையில் டெல்டா 0.16 என்று காட்டும் புட், நிஃப்டி இரண்டு சதவீதம் விழுந்ததும் ஐவியும் சேர்ந்து ஏறுவதால், திரை சொன்னதைவிட வேகமாக உங்களைக் கடிக்கும். விற்ற காலில் அப்படி இல்லை. இண்டெக்ஸ் ஏறும்போது ஐவி பெரும்பாலும் இறங்கும், அது உங்களுக்குக் கொஞ்சம் உதவி.

பொய் ஸ்க்யூவில் ஏமாறாதீங்க

அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. என்எஸ்இ ஆப்ஷன் செயின் பக்கத்தில் இரண்டு பக்கமும் `IV` என்று ஒரு பத்தி இருக்கும். முதலில் ஏடிஎம் ஸ்ட்ரைக்கில் கால் ஐவி, புட் ஐவி இரண்டையும் பாருங்க. நிஃப்டி ஐரோப்பிய முறை ஆப்ஷன் என்பதால் ஒரே ஸ்ட்ரைக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கணும். கால் 11, புட் 14 என்று காட்டினால் அது ஸ்க்யூ இல்லை. கணக்கு போட்ட மென்பொருள், ஃபியூச்சர்ஸ் விலையை எடுக்காமல் ஸ்பாட் விலையை எடுத்திருக்கலாம், இல்லைன்னா வட்டி விகிதம் பொருந்தாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த 3 புள்ளி வித்தியாசம் எல்லா ஸ்ட்ரைக்கிலும் கலந்திருக்கும். நீங்க பார்க்கும் "செங்குத்தான ஸ்க்யூ"வில் பாதி பொய்.

சுலபமான தீர்வு: ஏடிஎம்-ல் இரண்டின் சராசரியை எடுங்க. கீழே உள்ள ஸ்ட்ரைக்குகளுக்குப் புட் ஐவி மட்டும், மேலே உள்ளவற்றுக்குக் கால் ஐவி மட்டும் பாருங்க. ஐடிஎம் பக்கம் வியாபாரம் குறைவு, அந்த ஐவி நம்பகமில்லை. கடைசியாக வியாபாரமான விலை ஒரு மணி நேரத்துக்கு முந்தினதாக இருக்கலாம், அதனால் பிட், ஆஸ்க் இரண்டின் நடுவிலையைப் பாருங்க. எக்ஸ்பைரி நாள் மதியத்துக்கு மேல் ஐவியை நம்பவே வேண்டாம்.

ஸ்ட்ரைக் தேர்வு: ஜூன் 3 மாலைக்குத் திரும்புவோம்

மூன்று நாளுக்கான சரியான ஒரு சிக்மா எவ்வளவு? 45 சதவீத ஐவியில் அது 4.95 சதவீதம், சுமார் 1,150 புள்ளி. கீழே 22,100, மேலே 24,400. நம்ம ஆள் விற்ற 22,700 புட் ஒரு சிக்மா தள்ளி இல்லை, அரை சிக்மா தள்ளித்தான் இருந்தது.

அந்தப் புட்டுக்கு 45 சதவீத ஐவியில் கணக்கு விலை சுமார் 225. அப்போது நிஃப்டி லாட் 25. நாலு லாட், 100 எண்ணிக்கை என்றால் கையில் 22,500 ரூபாய். மாதம் 60,000 சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மூன்று நாளில் 22,500 என்பது பெரிய ஆசைதான்.

இதே இடத்தில் இன்னொருவர் 22,100 புட்டை விற்று, பாதுகாப்புக்கு 21,600 புட்டை வாங்குகிறார். இங்கேதான் ஸ்க்யூ நேராகப் பையில் கை வைக்குது. எல்லா ஸ்ட்ரைக்கும் 45-ல் இருந்தால் விற்றது 88, வாங்கியது 32, கையில் 56 நிற்கும். ஸ்க்யூ இருப்பதால் விற்ற ஸ்ட்ரைக் 47, வாங்கிய ஸ்ட்ரைக் 50 என்று வைத்தால், விற்றது 97, வாங்கியது 48, கையில் 49. அதாவது, புட் ஸ்ப்ரெட் விற்பவருக்குச் சாய்வு ஒரு செலவு. நீங்க விற்பதைவிட விலை உயர்ந்த ஐவியில் பாதுகாப்பு வாங்குறீங்க. சாய்வு ரொம்பச் செங்குத்தாக இருக்கும் நாளில் இரண்டு ஸ்ட்ரைக்கையும் பக்கத்தில் வைத்தால் இந்தச் செலவு குறையும். அப்போது அதிகபட்ச நஷ்டமும் குறையும், வரவும் குறையும்.

100 எண்ணிக்கைக்கு அவர் வரவு 4,900. அதிகபட்ச நஷ்டம் 500-லிருந்து 49 போக 451, அதாவது 45,100. இதைப் பார்த்தவுடன் "4,900-க்காக 45,100 பணயமா?" என்று கேட்பீங்க. சரியான கேள்வி. நிகழ்வுக்கு மார்க்கெட் வைத்த விலை நியாயமானது என்றால் இதில் நீண்ட கால லாபம் பூஜ்யம்தான், பிரோக்கரேஜும் எஸ்டிடியும் போனால் நஷ்டம். மார்க்கெட் எதிர்பார்ப்பைவிட அசைவு குறைவாக இருக்கும் என்று உங்களிடம் காரணம் இருந்தால்தான் இது வியாபாரம்.

எக்ஸ்பைரியில் சரி, வழியில் தப்பு

இப்போ முடிவைப் பாருங்க. ஜூன் 6 முடிவு 22,821.40. 22,700 புட் பூஜ்யத்தில் முடிந்தது! நம்ம ஆள் விற்றது கடைசியில் "ஜெயித்த" டிரேட். ஆனால் ஜூன் 4 அன்று நிஃப்டி 21,281-ல் நின்றபோது அந்தப் புட்டின் உள்மதிப்பு மட்டும் 1,419. 225 வாங்கியவருக்கு நஷ்டம் 1,194 புள்ளி, 100 எண்ணிக்கைக்கு ஏறக்குறைய 1,19,400 ரூபாய். இரண்டு மாதச் சம்பளம். விக்ஸ் அன்று நாளின் இடையில் 31-ஐத் தாண்டியது, அதனால் டைம் வேல்யூவும் சேர்ந்திருக்கும். மார்ஜின் போதாது என்று செய்தி வந்திருக்கும். ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தால் பிரோக்கரே பொசிஷனை மூடியிருப்பார். மூடிய பிறகு ஜூன் 6-ல் அது பூஜ்யமானால் என்ன, ஆகாவிட்டால் என்ன?

ஸ்ப்ரெட் போட்டவருக்கும் ஜூன் 4 மோசமான நாள்தான். நிஃப்டி அவருடைய இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் கீழே போனது. ஆனால் கணக்கில் நஷ்டம் 45,100-ஐத் தாண்ட வழியே இல்லை. அந்தப் பணம் முன்கூட்டியே மார்ஜினாக இருந்தது. எதையும் மூடத் தேவையில்லை. வியாழக்கிழமை 4,900 அவர் கையில்.

ஸ்ப்ரெட்காரர் புத்திசாலி, மற்றவர் முட்டாள் என்று இதைப் படிக்காதீங்க. முடிவு 21,500-ல் வந்திருந்தால் ஸ்ப்ரெட்காரருக்கும் 45,100 போயிருக்கும். ஆனால் அது திங்கள்கிழமையே அவருக்குத் தெரிந்த எண். இன்னொருவருக்கு அப்படி ஒரு எண்ணே இல்லை.

இன்றைய விதிகளில் என்ன மாறியிருக்கு

2024 அக்டோபரில் செபி கொண்டுவந்த மாற்றங்களுக்குப் பிறகு ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு இண்டெக்ஸுக்கு மட்டும்தான் வார எக்ஸ்பைரி. என்எஸ்இயில் நிஃப்டி, பிஎஸ்இயில் சென்செக்ஸ். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி எக்ஸ்பைரி செவ்வாய்க்கிழமை. லாட் 25-லிருந்து 75 ஆனது, அதற்குப் பிறகும் திருத்தப்பட்டது. போடும் முன் பார்த்துக்கோங்க. எக்ஸ்பைரி நாளில் விற்ற இண்டெக்ஸ் ஆப்ஷனுக்குக் கூடுதலாக 2 சதவீத மார்ஜின். பக்கத்து எக்ஸ்பைரி விற்று, தூரத்து எக்ஸ்பைரி வாங்கும் காலெண்டர் ஸ்ப்ரெடுக்கு, பக்கத்து எக்ஸ்பைரி முடியும் நாளில் மார்ஜின் சலுகை கிடையாது. டெர்ம் ஸ்ட்ரக்சரைப் படித்துக் காலெண்டர் போடுகிறவர்கள் அந்த நாளுக்கான பணத்தைத் தனியாக வைத்திருக்கணும், இல்லைன்னா முதல் நாளே வெளியே வரணும்.

சிஏ என்ற முறையில் ஒரே ஒரு வரி. ஆப்ஷன் லாப நஷ்டம் தொழில் வருமானம், ஸ்பெகுலேஷன் இல்லாதது. ஐடிஆர்-3 போடணும். இந்த நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. உரிய தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் எட்டு வருஷம் தொழில் லாபத்தோடு கழிக்க எடுத்துப் போகலாம். "நஷ்டம் வந்தா டேக்ஸாவது குறையும்" என்று நினைக்கும் சம்பளக்காரர்களுக்கு அது நடக்காது.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று செபியே ஆய்வு வெளியிட்டது. அதில் விற்றவர்களும் உண்டு.

ஆர்டர் போடும் முன்

அடுத்த முறை விற்கும் முன் ஒரு தாளில் நாலு எண் எழுதுங்க. அடுத்த மூன்று எக்ஸ்பைரிகளின் ஏடிஎம் ஐவி, இடையில் இருக்கும் நாட்களின் ஐவி. மேடு இருந்தால், அந்த ஒரு நாளுக்கு மார்க்கெட் வைத்த சதவீதம். விற்கும் ஸ்ட்ரைக்கின் ஐவி, வாங்கும் ஸ்ட்ரைக்கின் ஐவி. கடைசியாக, அதிகபட்ச நஷ்டம் ரூபாயில்.

நாலாவது எண்ணை எழுத முடியலைன்னா, முதல் மூன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஆர்டரைப் போடாதீங்க. எக்செல் ஷீட்டை அடுத்த வீடியோவில் ஓட்டிக் காட்டுறேன். அதுக்கு முன்னாடி இன்றைய ஆப்ஷன் செயினை வைத்து நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.